‘விட்டு’ என்னும் எச்சம்: கீதையின் சரம சுலோகமும் அதன் உரைகளும்

பகவத் கீதையின் முதல் அத்தியாயம் அருச்சுனன் ஒன்றை விட்டதோடு முடிகின்றது. உற்றாரைக் கொல்லுதற்கு அஞ்சிய அவன், வில்லையும் அம்பையும் எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிடுகின்றான். அவ்வாறு விட்டதற்காகவே கண்ணன் அவனைக் கடிந்துகொள்ளுகின்றான். அங்ஙனம் கடிந்தவனே பதினெட்டாம் அத்தியாயத்து 66ஆம் சுலோகத்தில், எல்லாத் தருமங்களையும் விட்டுத் தன் ஒருவனையே சரணமாக அடையுமாறும், தான் அவனை எல்லாப் பாவங்களினின்றும் விடுவிப்பதாகவும், ஆகலின் வருந்த வேண்டாவென்றும் கூறுகின்றான். இதனைக் கேட்ட அருச்சுனன் காட்டிற்குச் செல்லவில்லை. 73ஆம் சுலோகத்தில், சொன்னவண்ணம் செய்வேன் என்று எழுந்து நிற்கின்றான். பின்னர்ப் போரும் செய்கின்றான். போர்வீரனுக்குப் போரே தருமமாயின், அவன் விட்டது யாது? இவ்வொரு வினாவையே இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

வைணவர் இச்சுலோகத்தைச் சரம சுலோகம் என வழங்குவர். சரமம் என்பது இறுதி. உபதேசத்தின் முடிந்த முடிபு இதுவென்பது கருத்து. திருமந்திரம், துவயம் என்பவற்றோடு இதனையும் சேர்த்து மூன்று இரகசியங்கள் என்பர். இதன் பொருளைப்பற்றித் தமிழ்நாட்டில் எழுந்த வழக்கே வடகலை தென்கலை என்னும் பிரிவின் தலையாய காரணங்களுள் ஒன்று. ஆதலின் தமிழ் பயிலும் மாணவர்க்கு இது வடமொழியாளர் விவகாரமென ஒதுக்கத்தக்கதன்று.

வழக்கின் வேர் ‘பரித்யஜ்ய’ என்னும் ஒரு சொல்லில் இருக்கின்றது. அது தமிழில் ‘விட்டு’ என்பது போன்ற வினையெச்சம். அதனைக் கொண்டு முடியும் வினை, ‘அடைவாயாக’ என்னும் பொருளுடைய ஏவல். எச்சம் ஏவலைக் கொண்டு முடியுங்கால், அவ்வேவல் எச்சத்தின் தொழிலையும் தழுவுமோ தழுவாதோ என்பதே ஐயம். நம் வழக்கிலுள்ள இரண்டு தொடர்களை நோக்குவோம். ஓடக்காரன் ஒருவன், ‘சுமையை இறக்கிவிட்டு ஓடத்தில் ஏறுக’ என்கின்றான். இங்கே சுமையிறக்கலும் ஏவப்பட்டதே, இறக்காதவன் ஏறலாகாது. மற்றொருவன் வழிப்போக்கனை நோக்கி, ‘வெயிலிற் களைத்து வந்து இத்திண்ணையில் இளைப்பாறுக’ என்கின்றான். களைத்து வருமாறு அவன் கட்டளையிட்டான் என்று யாரும் கொள்ளார். களைப்பு முன்னரே உள்ளது. அதனை எடுத்துக் கூறி, அதனையுடையவனுக்கு உரியதனை ஏவினான். முன்னதனை மீமாம்சகர் விதி என்பர். பின்னதனை அநுவாதம் என்பர். அநுவாதமாவது உள்ளதனை வழிமொழிதல். ‘தருமங்களை விட்டு’ என்பது ஓடக்காரன் சொல்லோ, திண்ணைக்காரன் சொல்லோ என்பதனை மனத்திற் கொண்டால், உரைகளின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

சங்கரர் இதனை முழுத் துறவாகக் கொள்ளுகின்றார். தருமம் என்ற சொல்லால் அதருமமும் உடன் கொள்ளப்படும். செயலனைத்தையும் விடுதலே கருத்து. சரணம் அடைதலாவது இறைவனின் வேறாகப் பிறிதொன்றில்லை என்று அறிதல் என்பது அவர் உரை. கருமயோகத்தின் முடிவில் அதன் பயனாக எய்தும் மெய்யுணர்வையே இச்சுலோகம் கூறுகின்றதென அவர் இடம் வகுத்துக்கொள்ளுகின்றார். ‘எல்லா’ என்னும் சொல்லுக்கு எவ்வகைக் குறைவும் நேராமற் பொருள் கூறியது இவ்வுரையின் வலிமை. கேட்டவன் உடனே போருக்கு எழுந்தமை இவ்வுரைக்கு எளிதில் இயையாதது அதன் இடர்ப்பாடு. மத்துவர் அவ்விடத்தையே பற்றிக்கொள்ளுகின்றார். தருமத்தை விடுதலென்பது தருமத்தின் பயனை விடுதலேயாம். அன்றேல் போர் செய்யென்று விதித்தது எவ்வாறு பொருந்தும் என்பது அவர் வினா.

இராமாநுசர் தம் கீதா பாஷியத்தில் இரண்டு பொருள் தருகின்றார். முதலாவது, கருமம், ஞானம், பக்தி என்னும் யோகங்களைச் செய்துகொண்டே, பயனையும் பற்றையும் ‘யான் செய்கின்றேன்’ என்னும் எண்ணத்தையும் விடுதல். இதன்படி விடப்படுவது செயலன்று; செயலின்மேல் ஏற்றிய உரிமை. இரண்டாவது பொருள் அருச்சுனனுடைய துயரத்தினின்று பிறக்கின்றது. பக்தியோகம் தொடங்குவதற்குத் தடையாய் எல்லையற்ற காலமாகத் தொகுத்த பாவங்கள் நிற்கின்றன. அவற்றைத் தீர்க்க விதிக்கப்பட்ட கழுவாய்களோ ஓர் ஆயுளிற் செய்து முடிக்கத் தக்கன அல்ல. ஆகவே அக்கழுவாய்களாகிய தருமங்களை விட்டு, பக்தி தொடங்குதற்பொருட்டு என்னைச் சரணடை. தடையை யான் நீக்குவேன் என்பது அவ்வுரை. இறுதியில் வரும் ‘வருந்தாதே’ என்பது எவ்வருத்தத்தைக் குறித்ததென்று வினவி அவர் பொருள் காணும் முறை போற்றத்தக்கது. ஓர் உரையை அளந்தறிய விழைவோர், அவ்வுரை இச்சொல்லுக்கு எத்துயரை இலக்காக்குகின்றது என்று முதலிற் பார்த்தல் நலம்.

இராமாநுசர்க்குப் பின், ஏறக்குறைய 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இருவர் இதனை இருவேறு வழியில் வளர்த்தனர். ஒருவர் வேதாந்த தேசிகர். மற்றவர் பிள்ளை லோகாசாரியர். இருவரும் மணிப்பிரவாள நடையில் எழுதினமையால் இவ்வாராய்ச்சி நம் உரைநடை வரலாற்றிற்கும் உரியதாயிற்று.

தேசிகர் திண்ணைக்காரன் பொருளைச் சிறப்பாக ஏற்கின்றார். பக்தியோகம் முதலியவற்றிற்கு ஆற்றலில்லாதவன் ஏற்கெனவே அவற்றை இழந்து நிற்கின்றான். அவனது அவ்வெறுமையே ‘விட்டு’ என்பதனால் வழிமொழியப்பட்டது. ஏவப்பட்டது சரணடைதல் ஒன்றே. விதியென்றே கொள்ளினும், சரணடைதலுக்கு வேறு தருமங்கள் துணையாக வேண்டுவதில்லையென்று பொருள்படுமேயன்றி, நாள்தோறும் செய்யவேண்டிய கடமைகளைக் கைவிடுமாறு பொருள்படாது. பிரபத்தி எனப்படும் சரணடைதல் உயிர் செய்யவேண்டிய ஒரு செயல். இறைவன் அருளுதற்கு அது ஒரு வியாஜம், அஃதாவது சிறியதொரு முன்னிலைக் காரணம் என்பர் இவர்.

பிள்ளை லோகாசாரியர் முமுட்சுப்படி என்னும் நூலில் ஓடக்காரன் பொருளையே வற்புறுத்துகின்றார். விடுதல் விதிக்கப்பட்டது, விடாதவன் ஏறலாகாது. ஆயினும் விடவேண்டியது தருமங்களை உபாயமாக, அதாவது வீடு பெறுதற்குரிய விலையாக, எண்ணும் எண்ணம். ‘ஒருவனையே’ என்னும் சொல்லால், சரணடைதலாகிய நம் செயலையும் உபாயமென்று கருதுதல் விலக்கப்பட்டதென அவர் இன்னும் ஒரு படி மேற்செல்லுகின்றார். உபாயம் இறைவனே, நம்முடைய ஏற்பும் உபாயமன்று. அவ்வாறாயின் தருமம் விட்ட இடத்தில் அதருமம் புகாதோ எனச் சிலர் வினவினர். அதருமம் செய்யுமாறு சொல்லவில்லையே என்பது அவர் தந்த சுருங்கிய விடை. விடப்பட்டவை அழிந்தொழிவதுமில்லை. கருமம் கைங்கரியமாகிய தொண்டில் அடங்கும். ஞானம் உயிரின் இயல்பு விளங்குதலில் அடங்கும். பக்தி அடையப்படும் பொருளின்மேற் சுவையாய் நிற்கும் என அவர் ஒவ்வொன்றிற்கும் இடங்காட்டுகின்றார்.

இவ்வேறுபாடு சொல்லளவினதோ என்று ஐயுறுவார்க்கு எங்களூராகிய வீரபாண்டியிற் காணும் காட்சி உதவும். சித்திரைத் திருவிழாவில் முல்லையாற்றங்கரைக் கௌமாரியம்மன் கோயிலுக்கு அக்கினிச்சட்டி ஏந்தி வருவோர் பலர். அருகருகே நடக்கும் இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவன், மகனுடைய நோய் இதனால் தீரவேண்டும் என்று ஏந்துகின்றான். மற்றவன் மகனோ முன்னரே நலம்பெற்றுவிட்டான். அவன் நன்றியால் ஏந்துகின்றான். சட்டி ஒன்றே, வெப்பம் ஒன்றே, நடையும் ஒன்றே. முன்னவனுக்கு அது விலை. பின்னவனுக்கு அது தொண்டு. முன்னவன் பின்னவனாக மாறுங்கால் கையிலுள்ள சட்டியைக் கீழே வைக்கவேண்டுவதில்லை. லோகாசாரியர் கூறும் விடுதல் அத்தகையது. நேர்த்திக்கடன் செலுத்துவோர் இவ்வைணவ நூலின்படி ஒழுகுகின்றனர் என்பது என் கருத்தன்று. பொருள் விளக்கத்திற்கே இதனைக் கூறினேன்.

குருபரம்பரை நூல்கள் கூறும் வரலாறொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. இராமாநுசருடைய சகோதரி மகனாகிய முதலியாண்டான் சரம சுலோகத்தின் பொருளை வேண்டியபொழுது, திருக்கோட்டியூர் நம்பியிடம் சென்று கேட்குமாறு ஆசிரியர் அனுப்பினார். ஆண்டான் ஆறு திங்கள் காத்திருந்தார். கல்வி, செல்வம், குடிப்பிறப்பு ஆகிய மூன்றனாலும் வரும் செருக்கை ஒழித்து வருக என்பதே அங்கே கிடைத்த விடை. அந்நாளில் பெரிய நம்பியின் மகள் அத்துழாய்க்குப் புக்ககத்திற் சமையல் தொண்டிற்கு ஆள் வேண்டியிருந்தது; இராமாநுசர் ஆண்டானையே அனுப்பினார். பேரறிஞராகிய அவர் மறுசொல்லின்றித் தண்ணீர் சுமந்தார், அட்டிலும் காத்தார். அதன் பின்னரே அவர்க்குச் சுலோகத்தின் பொருள் உரைக்கப்பட்டது. இதில் ஆண்டான் தொழிலை விட்டாரல்லர். முன்னிலும் மிகுதியான தொழிலை மேற்கொண்டார். விடப்பட்டது, ‘இவற்றால் யான் தகுதியுடையேன்’ என்னும் எண்ணமே.

உரோமர் நிருபத்தையும் யாக்கோபு நிருபத்தையும் வேதபாட வகுப்பிற் கற்ற நம்மவர், இவ்வழக்கைக் கண்டவுடன் விசுவாசமும் கிரியையும்பற்றிய தம் பழைய வினாவை நினைப்பர். ஒப்புமை உண்மையே. ஆயினும் ஒன்றனை மறத்தலாகாது. இரு கலையாரும் இறைவன் அருளே காப்பதென்பதில் ஐயுறவில்லை. அதனைப் பெறுவோன் செயல் எவ்வளவினதென்பதிலேயே மாறுபட்டனர். குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும் என்னும் உவமைகள் அம்மாறுபாட்டைக் குறித்தன. எனினும் அவ்விரண்டிலும் சுமப்பது தாயே.

லோகாசாரியருடைய இறுதிநாள்களும் இவ்வுரைக்கு அயலானவையல்ல. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபொழுது, அவர் முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளச்செய்துகொண்டு தெற்கே வந்தார் என்றும், மதுரைக்கருகிலுள்ள சோதிட்குடியில் உயிர்நீத்தார் என்றும் வைணவ மரபு கூறும். யானைமலையை அடுத்த கொடிக்குளமே அவ்வூரென்பர். தம் செயல் உபாயமன்று என்று எழுதியவர், செயலற்று அமர்ந்திலர்.

இனித் தொடங்கிய வினாவிற்கு வருவோம். எச்சத்தின் இலக்கணம் மட்டும் வழக்கைத் தீர்க்காது. அது இரு பொருளுக்கும் இடந்தருகின்றது. ஆனால் முதல் அத்தியாயம் ஒரு பொருளை விலக்கிவிடுகின்றது. துயரத்தால் வில்லை எறிந்ததே விடுதலாயின், அருச்சுனன் தேர்த்தட்டில் அமர்ந்தபொழுதே உபதேசம் முற்றுப்பெற்றிருக்கும். கண்ணன் வாய்திறக்க வேண்டுவதில்லை. அன்று அவன் வில்லை விட்டான், வருத்தத்தை விட்டிலன். முடிவில் வருத்தத்தை விட்டான், வில்லை எடுத்தான்.