மயில்கழுத்துப் புடவையில் ஒரு தேதி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய இரண்டு கோப்புகளையும் நேற்று ராத்திரி பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். திண்ணையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி. மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, அகலமான சரிகைக் கரை. வலது கீழ் மூலையில், கரை மடிந்து விழுகிற இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் 4 3 '95 என்று தேதி. நீ சரிசெய்த படத்தில் அது இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டியின் கன்னத்தின் குறுக்கே ஓடிய மடிப்புக் கோட்டை நீ எடுத்திருக்கும் விதம் அபாரம். தோலின் ஒரு சுருக்கம்கூடக் கலையவில்லை. மூக்குத்தியின் வெளிச்சப் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவு சுத்தமான கையை என் தொழிலில் இரண்டு மூன்று பேரிடம்தான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த மூலையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

கரையில் மூன்று கோடாக வருகிற சரிகை, எண்கள் இருந்த இடத்துக்கு வந்ததும் கூழாகிவிடுகிறது. அதைத் தாண்டி மறுபடி மூன்று கோடாகக் கிளம்புகிறது. சுற்றிலும் புடவைமேல் ஒரு செம்மஞ்சள் மூட்டம். நீ எண்களை ஒட்டினாற்போல் மட்டும் ஹீலிங் பிரஷ்ஷை ஓட்டியிருக்கிறாய். ஃபிலிமில் அந்த எண்கள் ஓரம் வெட்டினாற்போல் நிற்பதில்லை. விளக்கைச் சுற்றி ஒளி படர்வதுபோல் வெளியே கசிந்திருக்கும். ஹீலிங் பிரஷ் விளிம்பில் இருக்கிற நிறத்தைப் பார்த்துத்தான் உள்ளே நிரப்பும். விளிம்பே ஆரஞ்சாக இருந்தால் உள்ளேயும் ஆரஞ்சுதான் வரும். கசிவையும் சேர்த்து வளைத்திருக்க வேண்டும்.

அதுகூடச் சின்னத் தப்புதான். நீ அந்தத் தேதியைப் படத்தின்மேல் ஒட்டிய கறைபோல நினைத்ததுதான் பெரிய தப்பு. அது மையில்லை, தம்பி. வெளிச்சம். கேமராவின் பின்கதவில் ஒரு சின்னக் கடிகாரமும் குட்டி விளக்கும் இருக்கும்; படம் எடுக்கும்போது அந்த விளக்கு எண்களை நேராக ஃபிலிமிலேயே பதித்துவிடும். அதனால் புடவை அங்கே அழிந்துபோகவில்லை. புடவையின் வெளிச்சத்தோடு இன்னொரு வெளிச்சம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். கூடியது ஆரஞ்சு. அதாவது சிவப்பு நிறைய, பச்சை கொஞ்சம், நீலம் ஏறக்குறைய இல்லவே இல்லை.

இப்போது நீ அனுப்பிய பழைய ஸ்கேனைத் திற. Channels பலகையில் Blue மட்டும் தெரியும்படி வைத்துப் பார். எண்கள் எங்கே? எனக்கு லேசான சுவடாகத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே உன் மூன்று சரிகைக் கோடுகளும் அறுபடாமல் ஓடுகின்றன. நீ கற்பனையில் வரைந்து நிரப்பிய துணி, அசலாகவே அங்கே இருக்கிறது.

நான் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன். எண் படாத புடவையில் ஓர் இடம்: சிவப்பு 20, பச்சை 70, நீலம் 85. எண்ணின் நடுவில்: சிவப்பு 230, பச்சை 110, நீலம் 88. நீலம் ஏறக்குறைய அசையவே இல்லை. அப்படியானால் நீலத்தைக் கொண்டு மற்ற இரண்டையும் திரும்ப உண்டாக்கலாம். Channel Mixer எடுத்து, சிவப்புக்கு நீலத்தில் 24 சதவீதம், பச்சைக்கு நீலத்தில் 82 சதவீதம் என்று வைத்து, மற்றதைப் பூஜ்யமாக்கினேன். மாஸ்க்கை எண்களும் கசிவும் அடங்குகிற அளவுக்கு மட்டும் திறந்தேன். புடவை வந்துவிட்டது, மடிப்பு நிழலோடு.

சரிகைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பொன் நிறத்தில் சிவப்பு மேலே, நீலம் கீழே. அதற்குப் பக்கத்துச் சரிகையை அளந்து தனியாக ஒரு லேயர், தனி மாஸ்க். ஒரே கலவையை இரண்டுக்கும் போட்டால் சரிகையும் மயில்கழுத்து நிறமாகிவிடும். கடைசியில் நீலச் சேனலில் குருணை அதிகம் என்பதால் சரிசெய்த இடம் கொஞ்சம் சொரசொரப்பாக நிற்கும்; அதை மட்டும் பக்கத்துக் குருணைக்கு ஒத்துவரும்படி குளோன் ஸ்டாம்ப்பால் ஆற்றினால் போதும். எனக்கு இருபது நிமிஷம் ஆனது.

ஒன்றைக் கவனி. நீ எனக்கு டிஃப் அனுப்பியதால்தான் இது முடிந்தது. ஜேபெக்கில் நிறத்தைச் சுருக்கி வைப்பார்கள். அதனால் ஆரஞ்சு பக்கத்துப் புள்ளிகளுக்குப் பரவி, நீலச் சேனலும் அழுக்காகிவிடும். பெரிதாக்கிப் பார்த்தால் எண்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும். தெரிந்தால் அந்தக் கோப்போடு மல்லுக்கட்டாதே. அச்சுப்படத்தை மறுபடி ஸ்கேன் செய்.

இந்தப் புத்தி எனக்குக் கணினியில் வந்ததில்லை. நான் ஸ்டுடியோவில் வேலை பார்த்தபோது, கல்யாண வீட்டார் உறவினர் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டக் கொண்டுவருவார்கள், மூலையில் தேதியோடு. அச்சின்மேல் சாயம் வைத்தால் கருமைதான் கூடுமே தவிர வெளுக்காது. அதனால் இருட்டான புடவைமேல் எரிகிற ஆரஞ்சை அணைக்க, அதன் எதிர்நிறத்தை, நீலப்பச்சைச் சாயத்தை, மெல்லிய பிரஷ் நுனியால் நீர்த்து நீர்த்து வைப்போம். ஒரு தடவை, காயவிட்டு இன்னொரு தடவை. ஆரஞ்சு மெல்ல அடங்கிப் புடவையோடு போய்விடும். என் முதலாளி பின்னால் நின்று, "மூடாதே, அணை" என்பார். அவர் போய்ப் பல வருஷமாகிறது. பிரஷ்ஷை எடுத்தால் இன்னும் அந்தக் குரல் கேட்கிறது.

அடுத்தது, எனக்கு உண்மையாகவே கோபம் வந்த விஷயம். ஆல்பத்தின் 24 படங்களிலும் தேதியை எடுத்துவிட்டு, மற்ற ஸ்கேன்களை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். 4 3 '95 என்றால் என்ன? மேற்குறி இருப்பதால் 95 வருஷம். மற்றது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? கேமராவில் இரண்டு வரிசையும் வைக்கலாம். அந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதே சுருளில் 12-ஐத் தாண்டிய எண் உள்ள இன்னொரு படம் வேண்டும். 4 16 '95 என்று ஒன்று கிடைத்தால் மாதம்தான் முதலில் என்று முடிவாகிவிடும். எல்லாமே ஜனவரி 1 அல்லது அதை ஒட்டி இருந்தால் பேட்டரி மாற்றிவிட்டுத் தேதி வைக்காமல் விட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இதையெல்லாம் 24 படங்களையும் வரிசையாக வைத்துத்தான் பார்க்க முடியும். நீ அந்த வரிசையையே அழித்துவிட்டாய்.

தேதியைப் படத்திலிருந்து எடு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடுக்கும் முன் கோப்புக்குள் எழுதிவை. ஏப்ரல் 3 என்று உறுதியானால் இப்படி:

```
exiftool -XMP-photoshop:DateCreated="1995:04:03" patti.tif
```

உறுதியில்லை என்றால் மூலையில் இருந்ததை இருந்தபடியே குறிப்பில் எழுது, மேற்குறியோடு.

அச்சுப்படங்கள் அந்த வீட்டாரிடம்தான் இருக்கின்றன என்கிறாய். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், தப்பு நடந்துவிட்டது என்று சொல்லி, ஆல்பத்தைக் கேட்டு வாங்கு. 24-ஐயும் 600 டிபிஐயில் டிஃப்பாக எடுத்து, தொடாமல் ஒரு பிரதி தனியாக வை. வந்ததும் எனக்குப் போன் பண்ணு. மாதமா நாளா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்