பூக்கடைக்கு மாதம் எட்டுப் பதிவு

சின்னக் கடைகளுக்கு முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பார்த்துக் கொடுப்பது நான் பகுதி நேரமாகச் செய்யும் வேலை. நம் இளைஞர்களில் சிலர் இதை எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பூக்கடைக்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். கடைக்கார அக்காவின் பெயர் மட்டும் வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பூக்கடை வைத்திருந்தால் நடந்து போகிறவர் மாலையைப் பார்த்துவிட்டே நிற்பார். எங்கள் பக்கம் அப்படி இல்லை. கடைவீட்டு வரிசையில் ஒரு கடை, அவ்வளவுதான். வாடிக்கையாளர் காரில் வருகிறார். வருவதற்கு முன்னாலேயே, “மல்லி இருக்கா? எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?” என்று புலனத்தில் கேட்கிறார். பதில் வரத் தாமதமானால் வேறு கடைக்குப் போய்விடுவார். இந்த மாதிரி கடைக்குப் பக்கம் எதற்கு என்றால், அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லி வைப்பதற்குத்தான்.

அதனால் கேப்ஷன் எழுத உட்காருவதற்கு முன் அக்காவிடம், “போன மாசம் புலனத்துல வந்த கேள்வியெல்லாம் காட்டுங்கக்கா” என்று கேட்டேன். இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். பெரும்பாலும் ஐந்தே கேள்விகள்தான். விலை என்ன, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும், எந்த நிறம் கிடைக்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா, கார் எங்கே நிறுத்துவது. இந்த ஐந்தும்தான் என் எழுத்துக்கு மூலப்பொருள். ஒரு பதிவில் ஒரு கேள்விக்கு முழுப் பதில் இருந்தால் போதும்.

அந்தப் பக்கத்தில் முன்பு இருந்த பதிவு ஒன்று: “எங்கள் கைவண்ணத்தில் அழகிய கல்யாண மாலைகள்! இன்றே வாங்கி மகிழுங்கள்!” இதைப் படித்தவர் மறுபடியும் விலை கேட்டுத்தான் ஆக வேண்டும். அதே படத்துக்கு நான் எழுதியது இது:

“கல்யாண மாலை ஜோடி வேணுமா? மூணு நாளுக்கு முன்னாடி சொல்லிடுங்க. சேலை நிறத்தைப் படம் பிடிச்சு அனுப்புனா அதுக்கேத்த ரோஜாவா பார்த்துக் கட்டித் தருவோம். இந்த மாச விலை ஜோடி 180 வெள்ளியிலிருந்து. கடைக்குப் பின்னால கார் நிறுத்த இடம் இருக்கு.”

அக்கா கடையில் பேசுகிற பேச்சுதான் இது. நான் மேடைத் தமிழில் எழுதினால் கடைக்கு வருகிறவருக்கு வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும் மாலை வாங்க வருகிறார்கள் என்பதால், விலையையும் நேரத்தையும் மட்டும் கீழே ஒரு வரி மலாயிலோ ஆங்கிலத்திலோ சேர்த்துவிடுவேன். இன்ஸ்டாகிராமில் முதல் இரண்டு வரிக்குப் பிறகு எழுத்து மடிந்துவிடும். மேலும் படிக்கத் தட்டுகிறவர் குறைவு. ஆகவே மூன்று நாள் விஷயம் மேலே வர வேண்டும். வாழ்த்தும் வணக்கமும் பின்னால் வரட்டும்.

பூக்கடைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மல்லிகை பெரும்பாலும் இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறது. பண்டிகை நெருங்கினால் விலை ஏறிவிடும். அதனால் விலையைப் படத்தின் மேலேயே எழுதிவிடக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு கேப்ஷனைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. போன மாத விலையோடு ஒரு படம் பக்கத்தில் நின்றால் கவுண்டரில் தகராறு வரும், அதைத் தீர்ப்பது அக்காவின் தலைவலி. நிலையான விலை கேப்ஷனில், மல்லியின் அன்றைய விலை 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரியில். இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறேன்.

இனி காசு விஷயம். நான் வாங்குவது மாதம் 250 வெள்ளி, மாதத் தொடக்கத்திலேயே. அதற்கு எட்டுப் பதிவு, பன்னிரண்டு ஸ்டோரி, மாதம் ஒரு முறை கடைக்கு வந்து படம் பிடிப்பது, மாத முடிவில் ஒரு பக்கக் கணக்கு. படம் பிடிக்க இரண்டு மணி நேரம், எழுத மூன்று, நேரம் குறித்து வைக்க ஒன்று, ஸ்டோரிகளுக்கு இரண்டு, கணக்குக்கு அரை மணி. மொத்தம் எட்டரை மணி நேரம், அதாவது மணிக்கு ஏறக்குறைய 29 வெள்ளி.

“வர்ற மெசேஜுக்கும் நீயே பதில் போட்டுடேன் தம்பி” என்று எல்லாக் கடைக்காரரும் கேட்பார்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலே மாதம் பத்து மணி நேரம். எட்டரை பதினெட்டரை ஆகிவிடும், மணிக்கு 13 வெள்ளி சொச்சம்தான் மிஞ்சும். அதைவிட முக்கியமான காரணம், பூ இருக்கிறதா இல்லையா என்பது கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும். நான் “இருக்கு” என்று சொல்லி, வந்தவர் வெறும் கையோடு திரும்பினால் அந்த வாடிக்கையாளர் போனதுதான். எனவே பதில் கடையின் வேலை, அதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுவேன். கூடுதல் பதிவு வேண்டுமென்றால் ஒன்றுக்கு 25 வெள்ளி.

பக்கத்தின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதிலும் நான் கறார். முகநூல் பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு அக்காவின் கணக்கில்தான். எனக்குப் பதிவிடவும் எண்ணிக்கை பார்க்கவும் மட்டும் அனுமதி. அவருடைய கடவுச்சொல் எனக்கு வேண்டாம். இன்ஸ்டாகிராமைத் தொழில் கணக்காக மாற்றி முகநூல் பக்கத்தோடு இணைத்துவிட்டால் Meta Business Suite வழியாக இரண்டுக்கும் ஒரே இடத்தில் நேரம் குறிக்கலாம். நாளைக்கு நான் விலகினால் அவர் என் அனுமதியை நீக்கினால் போதும், பக்கமும் பழைய படங்களும் கடையிடமே இருக்கும். (தொழில் கணக்கில் சினிமாப் பாட்டு எல்லாம் கிடைக்காது. கடைச் சத்தத்தோடு, பூக் கட்டும் கையை எடுத்தாலே நன்றாக இருக்கிறது.) மணப்பெண் படத்தைப் போடுவதற்கு முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். புலனத்தில் “சரி” என்று ஒரு வரி வந்தால் போதும்.

மாதக் கணக்கில் விருப்பக் குறிகளை நான் பெரிதாக எழுதுவதில்லை. பினாங்கிலிருந்து ஒருவர் விருப்பம் போட்டால் மாலை விற்காது. அதற்குப் பதிலாகப் புலன இணைப்பையே இரண்டு விதமாக வைக்கிறேன். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் இணைப்பு தட்டினால் திறக்காது, எனவே அது சுயவிவரத்தில் போகும்:

```
https://wa.me/60XXXXXXXXX?text=Maalai%20IG
```

முகநூலுக்கு கடைசி இரண்டு எழுத்து FB. எண்ணில் கூட்டல் குறியும், முன்னால் வரும் பூஜ்யமும் கூடாது, 60-இலிருந்து தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் தட்டியதும் அந்தச் சொல் தானாக எழுதப்பட்டு வரும். சிலர் அதை அழித்துவிட்டு எழுதுவார்கள், ஆக முழுக் கணக்கு கிடைக்காது. ஆனாலும் எந்தப் பக்கத்திலிருந்து ஆள் வருகிறது என்பது தெரியும். மாத முடிவில் அக்கா தன் கைப்பேசியில் அந்த இரு சொற்களையும் தேடி எண்ணிச் சொல்வார். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற இரண்டு எண்கள்தான் கணக்கின் முதல் வரி.

கேட்டவர் அதிகம், வாங்கியவர் குறைவு என்றால் கேப்ஷனை உடனே மாற்றாதீர்கள். முதலில் உரையாடல்களைத் திறந்து பாருங்கள். பதில் நாலு மணி நேரம் கழித்துப் போயிருந்தால் நீங்கள் எழுதியதில் குறை இல்லை. விலை கேட்டதும் அமைதியாகிவிட்டார்கள் என்றால் விலையைக் கேப்ஷனிலேயே இன்னும் மேலே ஏற்றுங்கள், வாங்கக்கூடியவர் மட்டும் கேட்பார். தீபாவளிக்கு முந்தைய வாரம் வேறு கதை. கட்ட ஆள் இல்லாத அளவுக்கு ஆர்டர் வந்துவிடும். அந்த வாரத்துக்கு நான் குறித்து வைக்கும் பதிவு ஒன்றே ஒன்றுதான்: “மாலை ஆர்டர் எடுத்து முடிச்சாச்சு. உதிரிப்பூவும் மல்லிச் சரமும் கடையில் இருக்கும் வரைக்கும்.” எந்த நாளில் அது வெளியாக வேண்டும் என்பதை அக்காதான் சொல்வார்.