சீக்கிரம் எடுத்தால் டிக்கெட் மலிவா?

டெல்லியில் படிக்கும் பிள்ளைகள் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வர வேண்டும். அக்டோபர் பிறந்ததுமே வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்: "இப்பவே டிக்கெட் எடுத்துடுங்க, நாள் ஆக ஆக விலை ஏறிடும்." பரீட்சை அட்டவணை வந்திருக்காது. கடைசித் தேர்வு 11ஆம் தேதியா, 16ஆம் தேதியா என்று பிள்ளைக்கே தெரியாது. இருந்தாலும் குத்துமதிப்பாக ஒரு தேதிக்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். அட்டவணை வந்த பிறகுதான் 'தேதி மாற்றுக் கட்டணம்' என்று ஒன்று இருப்பது கண்ணில் படும். உள்நாட்டு விமானப் பயணத்தில் நடுத்தரக் குடும்பங்கள் இழக்கும் பணத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது என்பது என் எண்ணம். அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு லாபம்.

தேதி உறுதியாக இருந்தால், பெரும்பாலும் சரி. தேதி ஆடிக்கொண்டிருந்தால் தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

டிசம்பர் 12ஆம் தேதி டெல்லி–சென்னை டிக்கெட் இரண்டு மாதம் முன்பு 5,800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் நடுவில் அட்டவணை வந்த பிறகு எடுத்தால், 12 ஆனாலும் 17 ஆனாலும் 7,500 ரூபாய். மாற்றுக் கட்டணம் 3,000 ரூபாய். தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் டிக்கெட்டின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

அக்டோபரிலேயே எடுத்து, தேதியும் மாறாமல் இருந்தால் 1,700 ரூபாய் மிச்சம். தேதி 17க்குத் தள்ளிப்போனால்? 3,000 கட்டினால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது முடிவதில்லை. 17ஆம் தேதிக்கு அன்று ஓடும் விலை 7,500. நீங்கள் கட்டியிருப்பது 5,800. வித்தியாசமான 1,700 ரூபாயையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 10,500. அட்டவணைக்காகக் காத்திருந்தவர் 7,500 ரூபாயில் அதே விமானத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேதியை மாற்றும்போது அன்றைய விலைக்கு எப்படியும் வந்துவிடுகிறோம். முன்கூட்டி எடுத்ததால் கிடைத்த மலிவு முழுவதும் கரைந்துபோகிறது. அதற்கு மேல் மாற்றுக் கட்டணம் அப்படியே நஷ்டம். தேதி மாறாவிட்டால் லாபம் 1,700, மாறினால் நஷ்டம் 3,000. இந்த இரண்டையும் தராசில் வைத்தால், 12ஆம் தேதியே நிற்கும் என்பதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பாவது இருந்தால்தான் அக்டோபரில் எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் காத்திருப்பதே மேல்.

இடையில் இன்னொரு வழியும் உண்டு. கொஞ்சம் கூடுதல் விலைக்கு, மாற்றுக் கட்டணம் இல்லாத அல்லது குறைவாக உள்ள 'ஃப்ளெக்ஸி' வகை டிக்கெட்டைப் பல நிறுவனங்கள் விற்கின்றன. மேலே சொன்ன கணக்கில் அதற்கு 800 ரூபாய் கூடுதல், மாற்றுக் கட்டணம் இல்லை என்றால், தேதி நின்றால் 900 ரூபாய் லாபம், மாறினால் 800 ரூபாய் மட்டும் நஷ்டம். பாதிக்குப் பாதி சந்தேகத்துக்கு இது பொருந்தும். ஆனால் இதிலும் விலை வித்தியாசத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். எத்தனை முறை மாற்றலாம், புறப்பாட்டுக்கு எத்தனை நாள் முன்புவரை மாற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

தேதி தள்ளிப்போவது தெரிந்துவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். பல நிறுவனங்களின் கட்டணப் பட்டியலில் புறப்பாட்டுக்கு முந்தைய சில நாட்களுக்குத் தனி வரிசை இருக்கும், அதில் தொகை கூடுதலாக இருக்கும். அன்றைய விலையும் அதற்குள் ஏறியிருக்கும். புதிய தேதியில் வேறு நிறுவனத்தின் விமானம் மலிவாக இருந்தால், மாற்றுவதைவிட ரத்து செய்துவிட்டுப் புதிதாக எடுப்பது குறைவாக வருமா என்பதையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

நம்பிக்கை: செவ்வாய் நள்ளிரவில் எடுத்தால் மலிவு, திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள்.

இரண்டும் ஒரே குழப்பத்தின் பிள்ளைகள். ஒரு விமானத்தின் இருக்கைகளுக்கு ஒரே விலை இருப்பதில்லை. அவற்றைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் இத்தனை இருக்கைகள் என்று நிறுவனம் ஒதுக்குகிறது. கீழ்ப்படி தீர்ந்தால் அடுத்த படியின் விலை திரையில் வரும். விற்பனை மந்தமாக இருந்தால் மூடிய படியை மறுபடி திறப்பதும் உண்டு. நீங்கள் காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருந்தால், நடுவில் யாரோ இரண்டு இருக்கை வாங்கியிருப்பார்கள். அல்லது காலையில் நீங்கள் பார்த்ததே தளத்தில் தேங்கியிருந்த பழைய விலையாக இருக்கும். மறைநிலை உலாவியில் தேடுவதால் படி மாறாது.

இந்தப் படிமுறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான்கு பேருக்கு ஒன்றாகத் தேடுங்கள். ஒருவருக்கு 5,900 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே விமானத்தை இரண்டு பேருக்குத் தேடுங்கள். 5,200 என்று வந்தால், கீழ்ப்படியில் நான்குக்குக் குறைவான இருக்கைகளே மிச்சம் என்று அர்த்தம். நான்கு பேருக்குக் கேட்டதால், நான்கு இருக்கையும் சேர்ந்து கிடைக்கும் மேல்படி விலையை எல்லாருக்கும் போட்டிருக்கிறது. இரண்டிரண்டு பேராக எடுத்தால் 1,400 ரூபாய் மிச்சம். ஒருவருடைய தேதி மட்டும் மாறினால், மற்ற இருவரின் டிக்கெட்டைத் தொடாமலும் இருக்கலாம். இதற்கு எல்லையும் உண்டு: விமானம் ரத்தானால் இரண்டு பி.என்.ஆரையும் வெவ்வேறு விமானங்களுக்கு மாற்றிவிடக்கூடும். குழந்தைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து எடுக்காதீர்கள்.

எடுக்கும் கிழமையை விட, பறக்கும் கிழமைக்குத்தான் அதிகப் பலன். வெள்ளி மாலை, ஞாயிறு மாலை விமானங்களில் கீழ்ப்படிகள் சீக்கிரம் தீரும். செவ்வாய், புதன், சனி மதியம் போன்ற நேரங்களில் அவை நீண்ட நாள் திறந்திருக்கும். பண்டிகைக்கு முன் ஊரை நோக்கி வரும் திசை நிரம்பும். எதிர்த் திசையில் அந்த நெருக்கடி இருக்காது. சாதாரண வார நாள் பயணத்துக்கு, உள்நாட்டில் ஒன்று முதல் இரண்டு மாதம் முன்பு எடுத்தால் பெரும்பாலும் போதும் என்பேன். பொங்கல், தீபாவளிக்குத் தேதி மாறப்போவதில்லை. விடுப்பும் உறுதி என்றால் அதற்கு முன்பே எடுப்பதுதான் சரி.

நம்பிக்கை: பணம் கட்டிய நொடியே மாட்டிக்கொண்டோம்.

இல்லை. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதிப்படி, டிக்கெட் எடுத்த 48 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம், மாற்றலாம். மாற்றினால் புதிய விமானத்தின் விலை வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டும். புறப்பாட்டுக்கு 7 நாட்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாக எடுத்திருந்தால் இது சிக்கலில்லாமல் நடக்கும். முன்பு 24 மணி நேரமாக இருந்த இந்த அவகாசத்தை 48 மணி நேரமாக்கும் வரைவை 2025 நவம்பரில் இயக்குநரகம் வெளியிட்டது, 2026இல் அது விதியானது. நீங்கள் எடுக்கும் நாளில் நடப்பு விதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் என்று வைத்து வேலைகளை முடித்தால் எப்படியும் ஏமாற மாட்டீர்கள்.

பரீட்சை அட்டவணைக்கு இந்த அவகாசம் போதாது. ஆனால் அலுவலகத்தில் விடுப்பு கேட்பதற்கும், கல்யாண வீட்டில் முகூர்த்த நேரத்தைக் கேட்டுக்கொள்வதற்கும் போதும். விலை நன்றாக இருக்கிறது, மேலாளர் நாளைக் காலைதான் வருவார் என்றால், இன்று இரவே எடுத்துவிட்டு நாளை மாலைக்குள் முடிவு செய்யுங்கள். கடைசி வாரத்தில் எடுப்பவருக்கு இந்த வசதி கிடையாது. விலையும் அதிகம், பின்வாங்க வழியும் இல்லை.

நம்பிக்கை: போக–வர ஒன்றாக எடுத்தால்தான் மலிவு.

வெளிநாட்டுப் பயணத்தில் பல நேரம் உண்மை. நம் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் இரண்டு ஒருவழி விலைகளின் கூட்டல்தான் அது. தனித்தனியாகப் பார்த்து, தொகை ஒன்றே என்றால் தனித்தனியாகவே எடுங்கள். ஒரே பி.என்.ஆரில் போகும் விமானத்தைத் தவறவிட்டால், திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும் ஆபத்து உண்டு.

நம்பிக்கை: 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் ஒரு பைசாவும் வராது.

பலர் முயற்சிகூடச் செய்யாமல் விட்டுவிடுவது இந்தப் பணத்தைத்தான். டிஜிசிஏ விதிப்படி, ரத்துக் கட்டணம் எக்காரணம் கொண்டும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரிகள், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், பயணிகள் சேவைக் கட்டணம் ஆகியவை திரும்ப வர வேண்டும். சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். விமானத்துக்கே போகாமல் விட்டுவிட்டாலும் பொருந்தும்.

2,400 ரூபாய் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 1,500 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பட்டியலில் ரத்துக் கட்டணம் 3,500 என்று போட்டிருந்தாலும், எடுத்துக்கொள்ளக் கூடியது 1,500தான், மீதி உங்களுடையது. 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று தனியாக வாங்கியது மட்டும் பொதுவாகத் திரும்பாது. பணமாகத் தராமல் அடுத்த பயணத்துக்கான வரவாக நிறுவனமே வைத்துக்கொள்ள முடியாது. அப்படி வைப்பது பயணியின் விருப்பம் என்றும் விதி சொல்கிறது.

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் கதை வேறு. மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்பது உங்கள் உரிமை. ஆகவே ரத்தாகும்போல் இருக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே அவசரப்பட்டு நீங்களே கேன்சல் செய்யாதீர்கள். செய்தால் அது உங்கள் ரத்தாகக் கணக்கில் ஏறி, கட்டணமும் பிடிபடும்.

அண்மையில் பயணம் போகாமல் விட்ட டிக்கெட் ஏதாவது மின்னஞ்சலில் கிடந்தால் அதன் பி.என்.ஆரை எடுங்கள். நிறுவனத்தின் இணையதளத்திலோ வாடிக்கையாளர் சேவையிலோ வரி, விமான நிலையக் கட்டணத் தொகையைக் கேளுங்கள். ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் அவரிடம் எழுத்தில் கேளுங்கள்.