மூலப்படமும் திருத்திய படமும்

பிலிம் காமிரா இருந்த நாட்களில், பிரிண்ட் கெட்டுப்போனால் நெகடிவைக் கொண்டுபோய் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று பெற்றோர் கூறக் கேட்டிருக்கிறோம். டிஜிட்டல் படத்திற்கு, காமிராவிலிருந்து வந்த முதற் கோப்பே நெகடிவ் ஆகும். அதன் மேலேயே திருத்திச் சேமித்தால் என்ன ஆகும் என்பதை ஒரு குழுப்படத்தின் நகலை வைத்துச் சோதித்தோம்.

அப்படத்தில் மாணவியர் முகங்கள் இருண்டிருந்தன. நடுவில் வெண்ணிற முக்காடணிந்த சகோதரி ஒருவர். படத்தின் ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் கணினி 0 முதல் 255 வரை எண்ணாகக் குறிக்கிறது. 0 கருமை, 255 வெண்மை. முக்காட்டின் மடிப்புகளில் 200, 210, 230 என்ற எண்கள் இருந்தன எனக் கொள்வோம். முகங்கள் தெளிய 60 கூட்டினால் அவை 260, 270, 290 ஆக வேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடமில்லை. ஆகவே மூன்றும் 255 ஆகிவிடும். அப்படியே சேமித்து மூடி, மறுநாள் 60 குறைத்தால் மூன்றும் 195. முகங்கள் பழைய நிலைக்குத் திரும்பின. முக்காடோ மடிப்பே இல்லாத அட்டை போலாயிற்று! இத்தகைய இழப்பை ஹிஸ்டோகிராம் என்னும் ஒளி வரைபடத்தில் காணலாம்: திருத்தியவுடன் வலது ஓரத்தில் புள்ளிகள் சுவர்போல் குவிந்து நிற்கும்.

ஓரத்தை வெட்டுவதும் இவ்வாறே. பக்க அளவுக்காகக் கடைசியில் நின்ற இரு சிறுமியரை வெட்டிவிட்டு, அதே பெயரில் சேமித்தால், அவர்களுடைய அன்னை படம் கேட்டு வரும்போது என்ன கொடுப்பது?

டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் மூலத்தைத் தொடுவதில்லை. IMG_0412.JPG என்ற படத்தின் அருகில் IMG_0412.JPG.xmp என்ற சிறு கோப்பை வைத்து, 'இவ்வளவு ஒளி கூட்டுக, இங்கே வெட்டுக' என்ற குறிப்புகளை மட்டும் அதில் எழுதுகின்றன. சமையற் குறிப்பும் அரிசியும் தனித்தனியே இருப்பது போல! 60 அதிகமென்று தோன்றி 20 என மாற்றினால், கணக்கு மூலத்திலிருந்தே மீண்டும் நடக்கிறது. 220, 230, 250 என மடிப்புகள் தெரிகின்றன. அச்சகத்திற்குத் தனி நகல் எடுத்து அனுப்பலாம். வெட்டப்பட்ட சிறுமியரும் மூலத்தில் பத்திரமாக இருப்பர்.

ஆனால் குறிப்புக் கோப்பு படம் அன்று. அது இருக்கிறதே என்று மூலத்தை அழித்தால் எதுவும் மிஞ்சாது. மூலத்தின் பெயரை மட்டும் மென்பொருளுக்கு வெளியே மாற்றினால் இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிடும். ஆகையால் 'மூலம்' என்றொரு பெட்டியில் படங்களைப் படிக்க மட்டும் அனுமதித்து வைத்து, இன்னொரு வட்டிலும் ஒரு பிரதி வைப்பது நன்று. படமெடுக்கும்போதே வெயிலில் முக்காடு முழுவதும் 255 ஆகியிருந்தால், அந்த மடிப்புகள் மூலத்திலும் இல்லை. எனவே படமெடுத்த இடத்திலேயே ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிட வேண்டும்.