காய்ச்சலில் வெளிறிய முகத்துக்குப் படத்தில் இயல்பான நிறம்

நீண்ட காய்ச்சலிலிருந்து எழுந்தவரின் முகம் படத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். பார்த்ததும் சிவப்பைக் கூட்டத்தான் கை போகும். கூட்டினால் முகத்தில் ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். வெளிறல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கை சரியான இடத்துக்குப் போகும்.

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியையும் நீல ஒளியையும் நன்றாக உறிஞ்சும். சிவப்பை அவ்வளவாகத் தொடாது. தோலின் அடியில் இரத்தம் குறையும்போது, உறிஞ்சப்படாத பச்சையும் நீலமும் திரும்பி வந்து கேமராவில் விழுகின்றன. நம் மாநிறத் தோலில் அதுதான் சாம்பலாகத் தெரிகிறது. ஆகவே செய்ய வேண்டியது பச்சையை இறக்குவது, அதோடு நீலத்தையும் கொஞ்சம் இறக்குவது. சிவப்பைத் தொட வேண்டியதில்லை.

ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். அறுபதாம் கல்யாண மேடை. அம்மா டைபாய்டு காய்ச்சலிலிருந்து எழுந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் அப்பாவின் முகம் நன்றாக இருக்க, அம்மாவின் முகம் மட்டும் களையிழந்திருந்தது. பிள்ளைகள் அதைச் சட்டம் போட்டு மாட்ட விரும்பினார்கள். இலவசமாகக் கிடைக்கும் GIMP 2.10 போதும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் வேண்டாம். அழுத்தப்பட்டதில் தோல் நிறம் திட்டுத்திட்டாகப் பிரிந்திருக்கும், திருத்தும்போது அந்தத் திட்டுகள் எழும்பும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி மூலப்படத்தை வாங்குங்கள். கணினித் திரையில் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள்.

முதலில், குற்றம் நோயுடையதா, மண்டப விளக்குடையதா என்று பிரிக்க வேண்டும். Color Picker கருவியை எடுத்து, Sample average-ஐயும் Use info window-வையும் தேர்ந்துகொண்டு, படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றைத் தொடுங்கள். அப்பாவின் பட்டு வேட்டி உதவாது; அது இயல்பிலேயே சந்தன நிறம். பின்னால் நின்ற உறவினரின் பருத்தி வேட்டியில், மடிப்பும் பளபளப்பும் இல்லாத இடத்தைத் தொட்டேன். சிவப்பு 205, பச்சை 218, நீலம் 212 என்று வந்தது. மூன்றும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்க வேண்டும். பச்சை ஓங்கியிருப்பதால் விளக்கும் தன் பங்கைச் செய்திருக்கிறது. Colors மெனுவில் Levels திறந்து, நடுவில் உள்ள சாம்பல் நிறத் துளிக்குழாயால் அதே வேட்டியைத் தொட்டால் மொத்தப் படமும் சரியாகும். சில படங்களில் வேலை இத்தோடு முடிந்துவிடும்.

இங்கே முடியவில்லை. அப்பா முகம் இயல்புக்கு வந்தது, அம்மா முகம் வரவில்லை. இனி இலக்கு வேண்டும். அம்மா நலமாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் விளக்கையும் இதேபோல் சரிசெய்து, கன்னத்தை அளந்தேன்: 176, 124, 96. மேடைப் படத்தில் அதே கன்னம்: 170, 137, 120. இரண்டு படங்களின் வெளிச்சம் ஒன்றாக இருக்காது என்பதால் எண்களை நேராக ஒப்பிடாதீர்கள், விகிதத்தைப் பாருங்கள். நலமாக இருந்தபோது சிவப்பு 100 என்றால் பச்சை 70. இப்போது 81. இந்த இடைவெளிதான் நோய். அதை முழுவதும் மூடப் பார்க்காதீர்கள். மெலிந்த கன்னமும் களைத்த கண்ணும் படத்தில் அப்படியே இருக்க, நிறம் மட்டும் முழு ஆரோக்கியத்தில் இருந்தால் முகமூடி போலாகும். 74-ஐ ஒட்டி நிறுத்தலாம் என்று முடிவு செய்தேன்.

Layer மெனுவில் Duplicate Layer கொடுத்து, மேல் லேயரின் Mode-ஐ LCh Color என்று மாற்றுங்கள். பச்சையை இறக்கினால் முகம் கறுக்கும். இந்த முறையில் வெளிச்சம் கீழ் லேயரிலிருந்தே வருவதால் நிறம் மட்டும் மாறும். பிறகு Colors, Curves. Channel-இல் Green தேர்ந்து, Input 137 உள்ள இடத்தில் ஒரு புள்ளி வைத்து Output-ஐ 124 ஆக்குங்கள். Blue தேர்ந்து 120-ஐ 100 ஆக்குங்கள். நீலத்தை விட்டுவிட்டால் முகம் ஊதா கலந்த ரோஸாகப் போகும். அதிகம் இறக்கினால் மஞ்சள் பூசியதுபோல் ஆகும். Sample merged-ஐத் தேர்ந்து கன்னத்தை மறுபடி அளந்தால் 181, 134, 110-ஐ ஒட்டி வரும். விகிதம் 74.

இப்போது மொத்தப் படமும் சிவந்திருக்கும். Layer, Mask, Add Layer Mask, அதில் Black (full transparency). எல்லாம் பழையபடி ஆகிவிடும். விளிம்பு மென்மையான பெரிய பிரஷ்ஷை எடுத்து, Opacity 25 வைத்து, வெள்ளை நிறத்தால் மாஸ்க்கில் தீட்டுங்கள்.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். இரத்தம் முகம் முழுக்க ஒரே அளவில் தெரிவதில்லை. கன்னங்கள், மூக்கு நுனி, காது மடல் ஆகியவற்றில் கூடுதலாகத் தெரியும்; நெற்றியிலும் தாடையிலும் குறைவு. அதனால் முகம் முழுதும் ஒரு முறை தீட்டி, கன்னத்துக்கும் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இன்னும் மூன்று நான்கு முறை கொடுங்கள். நெற்றிக்கு அந்த ஒன்றே போதும். கழுத்தையும் கையையும் மறக்கக் கூடாது. முகம் தேறி, மடியில் கிடக்கும் கை வெளிறியே இருந்தால் யார் கண்ணுக்கும் உறுத்தும். விரல் நுனிகளுக்குக் கன்னத்தைப் போலவே கொடுக்கலாம். கண்ணின் வெள்ளை, பல், நரைமுடி ஆகியவற்றின்மேல் பட்டால் கறுப்பு பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். நெற்றியில் விபூதி இருந்தால் அதையே காவலாக வைத்துக்கொள்ளலாம்: அது ரோஸாகிவிட்டது என்றால் பிரஷ் எல்லை தாண்டியிருக்கிறது. ஃப்ளாஷ் பட்டு வெள்ளையாக மின்னும் இடத்தில் நிறமே பதிவாகியிருக்காது, அங்கே தீட்டினால் கறைதான் விழும்.

உதட்டைக் கடைசியில் பாருங்கள். நம்மவர்களில் பலருக்கு உதடு இயல்பிலேயே பழுப்பு. பழைய படத்தைப் பார்த்து இரண்டு முறை தீட்டினால் போதும். அதற்குமேல் போனால் லிப்ஸ்டிக் போட்டதுபோல் ஆகும்.

இந்த எல்லாவற்றிலும் வெளுப்பாக்கும் வேலை எங்கும் இல்லை. பல ஸ்டுடியோக்களில் முகத்தைச் சரிசெய்வது என்றாலே இரண்டு படி வெளுப்பாக்கித் தருவார்கள். வெளிறிய முகத்தை மேலும் வெளுத்தால் நோய் இன்னும் எடுப்பாகத் தெரியும். அம்மாவும் அம்மாவாக இருக்கமாட்டார். கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையத்தையும் முழுக்க அழிக்க வேண்டாம், பாதியாகக் குறைத்தால் போதும்.

மஞ்சள் காமாலையில் எடுத்த படத்துக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே நீலம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அதை ஏற்ற வேண்டும், கண்ணின் வெள்ளையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

முடித்ததும் உடனே அனுப்பிவிடாதீர்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் கூடுதல் சிவப்பும் பழகிப்போயிருக்கும். எழுந்து வேறு வேலை பார்த்துவிட்டு வந்து, படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். முதல் பார்வையில் அம்மா முகம் மட்டும் தனியாக எழுந்து நின்றால் கூடிவிட்டது. மேல் லேயரின் Opacity-ஐ 100-லிருந்து 80-க்கு இறக்குங்கள். இன்னும் சாம்பலாகவே இருந்தால் கன்னத்துக்கு ஒரு முறை கூடத் தீட்டலாம். பெரிய பிரிண்டுக்குமுன் அதே கடையில் 4x6 அளவில் ஒன்று போட்டு, பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். காகிதத்தில் படம் திரையைவிட இருட்டாகத் தெரிவது வழக்கம். அப்படித் தெரிந்தால் கீழ் லேயரைத் தேர்ந்து, Curves-இல் Value-வின் நடுப்பகுதியைச் சிறிது உயர்த்துங்கள், நிறத்தை மறுபடி தொட வேண்டாம். மூலப்படத்தை வேறு பெயரில் பத்திரமாக வைத்துவிட்டு, லேயர்களோடு ஒரு .xcf கோப்பும் சேமித்துக்கொண்டால், வீட்டார் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னாலும் சிரமமில்லை.