நடுவில் துளை, வெளியில் குளிர்ச்சி: உள்ளீடற்ற உருளையின் உச்ச வெப்பநிலை

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் அணுக்கரு உலை பற்றிய பகுதியை நடத்தும்போது கல்பாக்கத்தின் பெயர் தானாக வந்துவிடும். அங்குள்ள 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில் உலை உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச் 4 அன்று தொடங்கியது. அந்த எரிபொருள் வில்லையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். வெளிவிட்டம் 5.55 மில்லிமீட்டர். எழுதும் பென்சிலை விடச் சற்று மெலிந்த உருளை. நடுவில் 1.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. ஒரு மாணவன் எழுந்து, "எதுக்கு சார் ஓட்டை? காத்து உள்ள போய் ஆறுறதுக்கா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி, ஆனால் அதிலுள்ள ஊகம் தவறு. அந்தத் துளை வழியாகக் குளிர்விக்கும் எதுவும் ஓடுவதில்லை. வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எஃகுக் குழாய்க்குள் வைத்து, இரு முனைகளையும் மூடிவிடுகிறார்கள். உருகிய சோடியம் குழாய்க்கு வெளியே மட்டும் பாய்கிறது. ஆகவே வெப்பம் வெளியேற ஒரே வழி வெளிப்பரப்பு. துளையினுள் சிறிது வாயு இருந்தாலும் அது வெப்பத்தைக் கொண்டுபோக இடமில்லை. துளையின் ஒரு பக்கச் சுவர் எதிர்ச் சுவருக்கு வெப்பத்தைக் கதிர்வீசும். எதிர்ச் சுவரும் அதே வெப்பநிலையில் இருப்பதால் அதே அளவு திரும்ப வந்துவிடும். கணக்கில் உள்சுவரை வெப்பம் கடக்காத சுவராகவே எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஆறுவதற்கு உதவாத துளை எதற்கு? இதற்கு விடை தர மேல்நிலை முதலாம் ஆண்டின் வெப்பக்கடத்தலும் சிறிது தொகை நுண்கணிதமும் போதும்.

உள் ஆரம் a, வெளி ஆரம் b என்க. ஒவ்வொரு கன மீட்டரிலும் ஒரு வினாடிக்கு q ஜூல் வெப்பம் சீராக உண்டாகிறது. வெப்பக்கடத்துத்திறன் k. உருளையில் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஏதோ ஓர் ஆரம் r-இல் கற்பனையாக ஒரு வட்டம் வரைக. அந்த வட்டத்தைத் தாண்டி வெளியே போகும் வெப்பம் எவ்வளவு? வட்டத்துக்கு உள்ளே உண்டானது முழுவதும். துளையில் எதுவும் உண்டாகாது. ஆகவே a முதல் r வரையுள்ள வளையத்தில் உண்டானது மட்டும்:

Q = qπ(r² − a²)

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த வரி புதிதாக இருக்காது. சீராக மின்னூட்டம் பெற்ற தடித்த உருளைக் கூட்டின் மின்புலத்தைக் காஸ் விதியால் கண்டறியும்போது "உள்ளே அடைபட்ட மின்னூட்டம்" என்று எழுதுவோமே, அதே வாதம்தான். மின்னூட்டத்தின் இடத்தில் வெப்பம், மின்புலத்தின் இடத்தில் வெப்பநிலைச் சரிவு. இந்த ஒப்புமையைச் சொன்ன பிறகே என் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இந்த வெப்பம் 2πr பரப்பு வழியே கடத்தலால் செல்ல வேண்டும்:

−k(2πr) dT/dr = qπ(r² − a²)

dT/dr = −(q/2k)(r − a²/r)

இங்கே சற்று நிற்க வேண்டும். r = a எனப் பிரதியிட்டால் சரிவு சுழி. அதற்கு வெளியே எங்கும் சரிவு குறை எண். அதாவது துளையின் சுவரில் வரைகோடு மட்டமாகத் தொடங்கி, வெளியே போகப் போகச் செங்குத்தாகிறது. எனவே உச்ச வெப்பநிலை இருப்பது உள்சுவரில்தான். சுவரின் தடிமனில் பாதித் தூரத்தில் உச்சம் இருக்கும் என்று மாணவர் பலர் எழுதுவார்கள். அது ஏறத்தாழச் சரியாக வரும் இடம் வேறு: எங்கள் செந்துறைப் பக்கம் கிணற்றுக்கு வார்க்கும் சிமெண்ட் உறையைப் போல, உள்ளும் புறமும் காற்றுப் படும் வளையம். சிமெண்ட் இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. அது இரு பக்கமும் போவதால் உச்சம் சுவரின் நடுப்பகுதியில் அமைகிறது. வில்லையில் ஒரு பக்கக் கதவு அடைபட்டிருக்கிறது.

a முதல் b வரை தொகையிட்டால்,

T(a) − T(b) = (q/4k)(b² − a²) − (q a²/2k) ln(b/a)

இரண்டாவது உறுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதன்முறை கரும்பலகையில் இதைச் செய்தபோது நான் அதை விட்டுவிட்டேன். திண்ம உருளையின் கணக்கு கை பழகியிருந்தது. அதில் r = 0 இல் ln r எல்லையின்றிப் போவதால் மடக்கை உறுப்பின் குணகத்தைச் சுழியாக்குவோம்; அந்தப் பழக்கத்தில் இங்கும் அடித்துவிட்டேன். துளையுள்ள உருளையில் r சுழிக்கு வருவதே இல்லை. மடக்கையை நீக்க எந்தக் காரணமும் கிடையாது. பிழையைக் காட்டிக் கொடுத்தது எண்கள்தான். அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஈனுலையில் மிகுந்த சுமை தாங்கும் இடத்தில் எரிபொருள் ஊசியின் ஒரு சென்டிமீட்டர் நீளம் 450 வாட் வெப்பம் தரும். இரண்டு சென்டிமீட்டர் துண்டு ஓர் இஸ்திரிப் பெட்டிக்குச் சமம் என்றால் மாணவருக்குப் புரியும். மீட்டருக்கு 45,000 வாட். இதை P என்போம். யுரேனியம், புளூட்டோனியம் கலப்பு ஆக்சைடு வெப்பத்தை நன்றாகக் கடத்தாது. K-இன் சராசரியை 2.5 W/m K எனக் கொள்வோம். வில்லையின் வெளிப்பரப்பு 1000 °C என்றும் வைத்துக்கொள்வோம்.

P = qπ(b² − a²) என்பதால் வாய்பாட்டை இப்படி மாற்றலாம்:

T(a) − T(b) = (P/4πk) [1 − 2a² ln(b/a)/(b² − a²)]

அடைப்புக்கு வெளியே உள்ளது 45000 ÷ (4 × 3.1416 × 2.5) = 1432. இது துளையில்லாத திண்ம வில்லையில், மையத்துக்கும் வெளிப்பரப்புக்கும் உள்ள வேறுபாடு. அதில் ஆரமே இல்லை என்பதைக் கவனிக்கவும். ஒரு மீட்டருக்கு இத்தனை வாட் என்று குறித்துவிட்டால் திண்ம வில்லை தடித்தாலும் மெலிந்தாலும் வேறுபாடு மாறாது.

இனி அடைப்புக்குள். a = 0.9, b = 2.775 மில்லிமீட்டர். a² = 0.81, b² = 7.70, வித்தியாசம் 6.89. b/a = 3.083, மடக்கை அட்டவணையில் 0.4890, அதை 2.303 ஆல் பெருக்க ln மதிப்பு 1.126. ஆகவே 2 × 0.81 × 1.126 ÷ 6.89 = 0.265. அடைப்பின் மதிப்பு 0.735. வெப்பநிலை வேறுபாடு 1432 × 0.735 = 1053.

துளையுள்ள வில்லையின் உச்சம் ஏறத்தாழ 2053 °C. திண்ம வில்லையில் 2432 °C. இந்தக் கலப்பு ஆக்சைடு உருகுவது 2700 °C-ஐத் தாண்டி. உருகுவதற்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதுதான் உலையை வடிவமைப்பவரின் கவலை. துளை அந்த இடைவெளியில் 380 டிகிரியைக் கூடுதலாகத் தருகிறது. நீக்கிய பொருளோ மொத்தத்தில் 10.5 சதவீதம்தான்.

இப்போது என் பிழைக்கு வருகிறேன். மடக்கை உறுப்பை விட்டால் q(b² − a²)/4k மட்டும் மிஞ்சும். அதன் மதிப்பு 1432. "ஓட்டை போட்டும் ஒண்ணும் குறையலையே சார்?" என்றாள் முதல் பெஞ்சு மாணவி. துளையால் வரும் முழு நன்மையும் அந்த ஒரு மடக்கை உறுப்பில்தான் இருக்கிறது. துளையுள்ள உருளைக்குத் திண்ம உருளையின் விடையே வந்தால், அந்த உறுப்பு எங்கோ தொலைந்துவிட்டது என்று உடனே சொல்லிவிடலாம்.

எதிர்ப்பக்கம் ஒரு சோதனையும் உண்டு. துளை மிகப் பெரிதாகி, சுவர் மெல்லிய தகடாகிவிட்டது என்க, தடிமன் t. அப்போது வாய்பாடு qt²/2k-ஐ நெருங்க வேண்டும்; அது ஒரு பக்கம் மட்டும் குளிர்விக்கப்பட்ட தட்டையான பலகையின் விடை. இரு பக்கமும் குளிர்வித்தால் qt²/8k, நான்கில் ஒரு பங்கு. கிணற்று உறைக்கும் வில்லைக்கும் உள்ள வேறுபாட்டை இந்த நான்கு மடங்கில் பார்க்கலாம்.

துளை ஏன் உதவுகிறது என்பதை வாய்பாடின்றியும் சொல்லலாம். மையத்தில் உண்டாகும் வெப்பம்தான் வெளியேற மிக நீண்ட பாதையைக் கடக்க வேண்டியது. அந்தப் பொருளை எடுத்துவிட்டு, அதே வாட்டை வெளிப்புறத்தில் உண்டாக்கினால் சராசரிப் பயணம் குறைகிறது. "அதே வாட்" என்பது முக்கியம். q-ஐ மாற்றாமல் துளையை மட்டும் அடைத்தால் மொத்த வெப்பமும் கூடிவிடும். வேறுபாடு 1601 ஆகும். மாணவர் 1432, 1601 என்ற இரண்டு விடைகளோடு வந்து சண்டை போட்டால் இருவருமே சரி. எதை நிலையாக வைத்தார்கள் என்று கேட்டால் போதும்.

வரைபடத்தாளில் வரையச் சொல்வதும் பயன் தரும். உள்சுவரிலிருந்து 1.8 மில்லிமீட்டர் ஆரம் வரை, அதாவது முதல் 0.9 மில்லிமீட்டரில், வெப்பநிலை 272 டிகிரி மட்டுமே குறைகிறது. மீதி 0.975 மில்லிமீட்டரில் 781 டிகிரி இறங்குகிறது.

துளையை இன்னும் பெரிதாக்கினால் என்ன என்று யாராவது கேட்பார்கள்; கேட்காவிட்டால் நாமே கேட்க வேண்டும். a = 1.2 மில்லிமீட்டர் என்றால் அடைப்பு 0.614, வேறுபாடு 880. வெப்பநிலை இறங்கியது உண்மை. ஆனால் அதே ஊசியில் எரிபொருள் மேலும் 9 சதவீதம் குறைந்துவிட்டது. அதை ஈடுகட்டப் புளூட்டோனியத்தின் பங்கைக் கூட்ட வேண்டும், அல்லது ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

"சீரான வெப்பம்" என்று எடுத்துக்கொண்டது எவ்வளவு சரி? மெதுவான நியூட்ரான்களால் இயங்கும் உலைகளில் நியூட்ரான்கள் வில்லையின் வெளி அடுக்கிலேயே அதிகம் உட்கவரப்படுவதால் அங்கே வெப்பம் சற்றுக் கூடும். அதிவேக நியூட்ரானுக்கு ஐந்து மில்லிமீட்டர் வில்லை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஈனுலைக்கு இந்த எடுகோள் நன்றாகப் பொருந்துகிறது. பலவீனமானது k. அது வெப்பநிலையோடு மாறுகிறது, ஆகவே நம் 2053 ஒரு மதிப்பீடுதான். உண்மைக் கணக்கில் k-ஐ வெப்பநிலையின் சார்பாகவே வைத்துத் தொகையிடுவார்கள்.

இன்னொன்று. அதிவேக உலைகளில் துளையில்லாத திண்ம வில்லையை வைத்தாலும், மிகு வெப்பத்தில் அதிலுள்ள நுண்ணிய வெற்றிடங்கள் சூடான மையத்தை நோக்கி மெல்ல நகர்ந்து சேரும். சில காலத்தில் நடுவில் ஒரு துளை தானாகவே உருவாகிவிடும்.