பத்தரை மணிக்குப் பின் கொதிக்கும் தண்ணீர்

வியாபாரிகளாகிய நாம் சரக்கு எடுக்கும்போது அரிசி மூடைக்கு ஐந்து ரூபா குறைத்துத் தருகிறவரைத் தேடிக் கொழும்பு வரை போகிறோம். ஆனால் வீட்டுக்கு வரும் மின்கட்டணப் பட்டியலை எடுத்து, கடைசியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிவிடுகிறோம். ஒரே அலகு மின்சாரத்துக்கு ஒரு நாளில் மூன்று விலைகள் இருக்கலாம் என்பது நம்மில் பலர் கவனிக்காத விடயம். இந்த வாரம் அதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 2015 செப்டெம்பரில் இலங்கையில் வீட்டுப் பாவனையாளர்களுக்கு நேர அடிப்படையிலான கட்டணம் அறிமுகமானது. மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் விரும்பினால் இதற்கு மாறலாம் என்றார்கள். நாள் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். இரவு 10.30 முதல் அதிகாலை 5.30 வரை உச்சமற்ற நேரம். மீதி எல்லாம் பகல். அன்று உச்ச நேரத்தில் ஒரு அலகு 54 ரூபா, பகலில் 25 ரூபா, உச்சமற்ற நேரத்தில் 13 ரூபா. மாத நிலையான கட்டணம் 540 ரூபா.

அதன் பிறகு கட்டணங்கள் பல தடவை மாறிவிட்டன. ஆகவே கீழே நான் போடும் கணக்கை அன்றைய விலையில்தான் போடுகிறேன். வழிமுறையைப் பிடித்துக்கொண்டு, விலைகளை உங்கள் சொந்தப் பட்டியலில் இருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். நேர எல்லைகளையும் அப்படியே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்கள் பட்டியலில் பாவித்த அலகுகள் ஒரே வரியில் இருந்தால் நீங்கள் நேரக் கட்டணத்தில் இல்லை. படிப்படியாக ஏறும் சாதாரண கட்டணத்தில் இருக்கிறீர்கள். அந்தக் கட்டணத்தில் நடுச்சாமத்தில் உடுப்புக் கழுவினாலும் மஃரிபுக்குப் பிறகு கழுவினாலும் விலை ஒன்றுதான். ‘இரவில் மின்சாரம் மலிவு’ என்று எங்கோ கேள்விப்பட்டு, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வொஷிங் மெஷினை ஓட்டுகிற வீடுகளை எனக்குத் தெரியும். பட்டியலில் பகல், உச்சம், உச்சமற்றது என்று மூன்று வரிகள் இருந்தால் மட்டுமே நேரத்தை மாற்றுவதில் இலாபம் இருக்கிறது. சிறிய கடைகளின் பட்டியலுக்கும் இதே சோதனைதான். ஒரு வரி என்றால் கடையில் நேரம் மாற்றுவதால் பயனில்லை.

இனி கணக்குக்கு வருவோம். மலையகப் பக்கம் ஏழு பேர் உள்ள ஒரு வியாபாரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பேஸ் இணைப்பு. மாதம் 400 அலகு. வீட்டில் 100 லீற்றர் தாங்கியுள்ள கீஸர் ஒன்று, நாளைக்கு ஒரு தடவை ஓடும் வொஷிங் மெஷின் ஒன்று.

சாதாரண கட்டணத்தில், 2014 செப்டெம்பரில் இருந்த விலைப்படி, முதல் 60 அலகுக்கு 7.85 ரூபா, அடுத்த 30க்கு 10 ரூபா, அடுத்த 30க்கு 27.75 ரூபா, அடுத்த 60க்கு 32 ரூபா, 180க்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் 45 ரூபா. நிலையான கட்டணத்தையும் சேர்த்தால் 400 அலகுக்கு 13,963 ரூபா 50 சதம்.

இந்தக் குடும்பம் எந்தப் பழக்கத்தையும் மாற்றாமல் நேரக் கட்டணத்துக்குப் போனால் என்ன ஆகும்? கடை பூட்டி வந்து எட்டு, ஒன்பது மணிக்குக் குளிப்பார்கள். அந்த நேரத்திலேயே மெஷினும் ஓடும். அப்படியான வீட்டில் உச்ச நேரத்தில் 150 அலகு, பகலில் 190, உச்சமற்ற நேரத்தில் 60 என்று வைத்துக்கொள்வோம். தொகை 14,170 ரூபா. பழைய கட்டணத்தைவிட 200 ரூபா அதிகம்! மாறியவர்கள் சிலர் ‘இது ஏமாற்று’ என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். கட்டண முறையை மாற்றினார்கள், கீஸரை மாற்றவில்லை.

கீஸரை ஏன் சொல்கிறேன்? தண்ணீரைச் சூடாக்குவதைப் போல மின்சாரம் தின்னும் வேலை வீட்டில் குறைவு. ஒரு அலகு மின்சாரம் 860 லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும். 100 லீற்றரை 24 பாகையில் இருந்து 60 பாகைக்குக் கொண்டுபோக 36 பாகை ஏற்ற வேண்டும். 3,600ஐ 860ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 4.2 அலகு. தாங்கியின் உடம்பு வழியாக வெளியேறும் சூட்டையும் சேர்த்து நாளுக்கு 5 அலகு என்று வைத்தால் மாதம் 150 அலகு. 400இல் 150!

“லைட் எல்லாம் நூத்துத்தானே வைக்கிறோம் நானா, பிறகும் ஏன் இப்படி வருகுது?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கீஸரின் சுவிட்ச் நாள் முழுக்கப் போட்டபடியே இருந்தது. இரவு எட்டு மணிக்கு ஒருவர் குளித்தால் வெளியேறிய சுடுதண்ணீருக்குப் பதிலாகக் குளிர்தண்ணீர் தாங்கிக்குள் இறங்குகிறது. வெப்பக் கட்டுப்படுத்தி உடனே ‘டிக்’ என்று போட்டு, ஆக விலை கூடிய நேரத்தில் அதைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டுக்கு அன்றிரவு ஒரு வேலையும் இல்லை. எல்லோரும் குளித்து முடித்துப் படுத்துவிடுகிறார்கள்.

இதற்கு வழி, கீஸருக்கு ஒரு டைமர் போடுவது. அதிகாலை 3.30க்குப் போட்டு 5.15க்கு நிறுத்தினால் 2 கிலோவொட் கீஸர் மூன்றரை அலகு அளவு எடுத்துக்கொள்ளும். சுபஹுக்கு எழும்புகிறவர்களுக்கு வுழூ எடுக்கச் சுடுதண்ணீர் தயார். காலையில் குளிக்கிறவர்களுக்கும் போதும். பிறகு அஸருக்கு முன், பின்னேரம் 3 மணி அளவில், 50 நிமிடம் ஓடவிட்டால் தாங்கி மறுபடி நிறையச் சூடாகும். 6.30க்குப் பிறகு மின்சாரம் கீஸருக்குப் போகவே கூடாது. தாங்கி நன்றாக மூடிய பாத்திரம், இரவு ஒன்பது மணி வரை சூடு நிற்கும். கடைசியாகக் குளிப்பவருக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கலாம், அவ்வளவுதான். செலவைக் குறைக்க வேண்டும் என்று சூட்டின் அளவை 60 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள். வெதுவெதுப்பான தாங்கியில் கிருமி வளரும்.

வொஷிங் மெஷினிலும் விடயம் சூட்டில்தான் இருக்கிறது. முன்பக்கம் திறக்கும் மெஷின் தண்ணீரைத் தானே 40 பாகைக்குச் சூடாக்கிக் கழுவினால் தடவைக்கு ஏறக்குறைய 0.8 அலகு. குளிர்தண்ணீரில் கழுவும் மேல்திறப்பு மெஷினுக்கு 0.2 அலகுகூடத் தேவைப்படாது. இரண்டாவது வகை உங்களிடம் இருந்தால் அதன் நேரத்தை மாற்றி அலைய வேண்டாம், மிச்சம் மிகச் சிறியது. முதல் வகை என்றால் தாமதமாகத் தொடங்கும் பொத்தான் அதிலேயே இருக்கும். படுக்கப் போகும்போது உடுப்பையும் தூளையும் போட்டு, அதிகாலை ஐந்து மணிக்கு முடியும்படி வையுங்கள். பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டால் ஈர உடுப்பு விடியும் வரை உள்ளே கிடந்து நாற்றம் பிடிக்கும்.

இந்த இரண்டையும் செய்த பிறகு கணக்கு இப்படி மாறும். கீஸர் உச்ச நேரத்தில் எடுத்த 75 அலகும் மெஷின் எடுத்த 24 அலகும் அங்கிருந்து விலகுகின்றன. உச்ச நேரத்தில் மிஞ்சுவது 51 அலகு. கீஸருக்குப் பகலில் 75க்குப் பதிலாக 50 அலகு மட்டும் போவதால் பகல் 165 ஆகிறது. உச்சமற்ற நேரம் 184. மொத்தம் அதே 400தான், ஒரு அலகையும் குறைக்கவில்லை. தொகை 9,811 ரூபா. சாதாரண கட்டணத்தைவிட 4,152 ரூபா குறைவு.

இதில் எந்த நகர்வு எவ்வளவு தந்தது என்று பாருங்கள். அன்றைய விலையில் ஒரு அலகை உச்சத்தில் இருந்து உச்சமற்ற நேரத்துக்கு நகர்த்தினால் 41 ரூபா மிச்சம். பகலுக்கு நகர்த்தினாலும் 29 ரூபா மிச்சம். பகலில் இருந்து நடுச்சாமத்துக்கு நகர்த்தினால் 12 ரூபாதான். ஆகவே முழு முயற்சியையும் அந்த நான்கு மணித்தியாலத்தைக் காலி செய்வதில் போடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உரிய ஜுப்பாக்களை வியாழன் இரவு எட்டு மணிக்கு அயன் பண்ணுவதை, அன்று பின்னேரமே முடித்தாலும் இலாபம்தான்.

சுவரில் பொருத்திய, தாங்கி இல்லாத உடனடி ஷவர் ஹீட்டர் இருக்கும் வீடுகளுக்கு டைமர் உதவாது. அது தண்ணீர் ஓடும்போதே சூடாக்குவது. 3.5 கிலோவொட் ஹீட்டரில் எட்டு நிமிடக் குளிப்புக்கு அரை அலகுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். அங்கே மாற்றக்கூடியது குளிக்கும் நேரம் மட்டுமே. கடையில் இருந்து பிந்தி வருகிறவரை நாம் மாற்ற முடியாது, பிள்ளைகளை 6.30க்கு முன் குளிக்கச் சொல்லலாம்.

டைமர் வாங்குவதிலும் கவனம் தேவை. 3 கிலோவொட் கீஸர் 13 அம்பியர் இழுக்கும். கடைத்தெருவில் விற்கும் சிறிய செருகி வகை டைமர் மணிக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்காது, சூடேறி உருகும். மின்பலகைக்குள் வைக்கும் டைமரையும் அதனுடன் ஒரு கொன்டக்டரையும் தகுதியுள்ள மின்வேலைக்காரரைக் கொண்டு போடுங்கள். மின்கலம் உள்ளதாக வாங்குங்கள். மின்கலம் இல்லாத, சுழலும் முகப்புள்ள டைமர் மின்வெட்டில் நின்றுவிடும். இரண்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லாவிட்டால் அதன் கடிகாரமும் இரண்டு மணித்தியாலம் பிந்தும். நீங்கள் 3.30க்குத் தொடங்கு என்று வைத்தது 5.30க்குத் தொடங்கும். பின்னேரம் 5 மணிக்கு என்று வைத்திருந்தால் நேராக உச்ச நேரத்துக்குள்ளேயே போய் விழும். மின்மானிக்கோ நேரம் தவறாது.

அப்படி நடக்கிறதா என்று அறிய வழி உண்டு. மூன்று நேரத்துக்கும் மின்மானி தனித்தனி எண் வைத்திருக்கும், அவை திரையில் மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமைதோறும் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மேலே சொன்ன குடும்பத்துக்கு வாரத்தில் உச்ச எண் 12 அளவில் ஏற வேண்டும். அது திடீரென்று 25, 30 என்று ஏறினால் முதலில் டைமரின் மணியைப் பாருங்கள். மணி சரி என்றால், இரவு ஏழு மணிக்குச் சுடுதண்ணீர்க் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மின்மானியின் சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். அது வேகமாகக் கண்சிமிட்டத் தொடங்கினால் கீஸர் டைமரைத் தாண்டி ஓடுகிறது. யாரோ அவசரத்துக்குக் கையால் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், அல்லது கொன்டக்டர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நேரக் கட்டணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் இந்தக் கொப்பி வேலையை ஒரு மாதம் செய்யுங்கள். சாதாரண மின்மானி நேரத்தைப் பிரிக்காது. ஆகவே மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் காலை 5.30க்கும் நீங்களே வாசித்து எழுத வேண்டும். வாரத்தில் மூன்று நாள் எழுதினாலும் போதும். உங்கள் உச்ச நேரப் பங்கு எவ்வளவு, அதில் கீஸரும் மெஷினும் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஏசி, சமையல், விளக்கு என்று நகர்த்த முடியாத பாவனையே அந்த நான்கு மணித்தியாலத்தில் பெரிதாக இருந்தால், பழைய கட்டணத்திலேயே இருந்துவிடுங்கள். நோன்பு மாதத்தை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். ஸஹர் சமையல் மலிவான நேரத்தில் வருவதால் அந்த மாதக் கணக்கு மற்ற மாதங்களைப் போல இராது.